பிடிஎஃப்பில் இருந்த முகூர்த்த நேரம் அச்சில் இல்லை: அழைப்பிதழ் அடிக்கக் கொடுப்பவர்கள் கவனிக்கவும்

என் மகள் கல்யாணப் பத்திரிகை 400 அடித்தோம். மெரூன் பின்னணி, மணமக்கள் பெயர் தங்க நிறத்தில், அதற்குக் கீழே நிழல். முகூர்த்த நாளும் நேரமும் வெள்ளை எழுத்தில். கட்டைப் பிரித்துப் பார்த்தால் முகூர்த்த வரி மட்டும் இல்லை. அந்த இடத்தில் வெறும் மெரூன். 400-லும் அப்படியே.

"நீங்க பார்த்து ஓகே சொன்ன ஃபைல்தான் சார்" என்றார் அச்சகத்துக்காரர். பார்த்தேன், உண்மைதான். மடிக்கணினியில் பிரௌசரிலேயே திறந்து பார்த்தேன். வரி பளிச்சென்று இருந்தது. ஆனால் அன்றைக்கே வேறொரு குறை கண்ணில் பட்டது. பெயருக்குக் கீழே நிழலைக் காணோம், அங்கே சாம்பல் நிறப் பட்டை ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. டிசைனரிடம் சொன்னேன். "பிரௌசர் அப்படித்தான் காட்டும் சார், எங்க சிஸ்டத்துல நிழல் சரியா இருக்கு" என்று பெயர் இருக்கும் பகுதியை மட்டும் வெட்டி வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினார். நிழல் அழகாகவே இருந்தது. நானும் சரி என்று விட்டுவிட்டேன். முழுப் பக்கத்தையும் அனுப்பியிருந்தால் முகூர்த்த வரி இல்லாதது அன்றே தெரிந்திருக்கும்.

சாம்பல் பட்டைக்கும் காணாமல் போன வரிக்கும் காரணம் ஒன்றுதான்: ஓவர்பிரின்ட். ஆஃப்செட் அச்சில் சியான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்று மைக்கு ஒன்றாக நான்கு பிளேட். சாதாரணமாக ஒரு வடிவத்தை இன்னொன்றின் மேல் வைத்தால் அடியில் உள்ள நிறம் அந்த இடத்தில் நான்கு பிளேட்டிலும் வெட்டப்பட்டுவிடும். ஓவர்பிரின்ட் போட்டால் வெட்டாது. மேலே உள்ள வடிவத்தில் எந்த மையின் அளவு 0 என்று இருக்கிறதோ, அந்த பிளேட்டில் அடியில் இருந்தது அப்படியே நிற்கும்.

எங்கள் மெரூன் மெஜந்தா 100, மஞ்சள் 80, கறுப்பு 20. நிழல் கறுப்பு 60 மட்டும், ஓவர்பிரின்ட்டோடு. அச்சில் மெஜந்தாவும் மஞ்சளும் அப்படியே நிற்க, கறுப்பு மட்டும் 60 ஆகும். கருத்த மெரூன் கிடைக்கும், அதுதான் நிழல். பிரௌசருக்குள் இருக்கும் பிடிஎஃப் வியூவர்கள் பொதுவாக ஓவர்பிரின்ட்டைக் கணக்கில் எடுப்பதில்லை. அடி நிறத்தை வெட்டிவிட்டு வெறும் கறுப்பு 60 காட்டும். அதுதான் நான் பார்த்த சாம்பல் பட்டை.

இப்போது வெள்ளைக்கு வாருங்கள். வெள்ளை என்றால் நான்கு மையும் 0. அதற்கு ஓவர்பிரின்ட் போட்டால் எந்த பிளேட்டையும் தொடாது, எழுத்தே இருக்காது. பிரௌசரோ வெட்டிக் காட்டுவதால் வெள்ளை எழுத்து நன்றாகத் தெரியும். முதல் டிசைனில் அந்த வரி கறுப்பில் இருந்தது. மெரூன் மேல் படிக்க முடியவில்லை என்று வெள்ளையாக மாற்றச் சொன்னது நான்தான். கறுப்பு எழுத்துக்கு ஓவர்பிரின்ட் போடுவது அச்சில் வழக்கம். டிசைன் மென்பொருளான இல்லஸ்ட்ரேட்டரில் நிறத்தை மாற்றினாலும் `Overprint Fill` டிக் அப்படியே நிற்கும். அதை எடுக்க வேண்டியது டிசைனர் வேலை. `View` மெனுவில் `Overprint Preview` போட்டு, பெயரை மட்டும் பார்க்காமல் முழுப் பக்கத்தையும் ஒரு தடவை பார்த்திருந்தாலே போதும்.

பிறகு அச்சகத்துக் கணினியில் அக்ரோபேட் ரீடரில் அதே ஃபைலைத் திறந்தோம். நிழல் இருந்தது, முகூர்த்தம் இல்லை. நீங்கள் பார்க்க வேண்டியதும் அங்கேதான். `Preferences` போய் `Page Display` பகுதியில் `Use Overprint Preview` என்பதை `Always` ஆக்குங்கள். அது `Only For PDF/X Files` என்று இருந்தால் சாதாரண பிடிஎஃப்பை ரீடரும் பிரௌசர் மாதிரியே காட்டிவிடும். மாற்றிய பிறகு பிரௌசரையும் ரீடரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வரி வரியாக ஒப்பிடுங்கள். நிறம் லேசாக மங்கித் தெரிந்தால் அது வேறு காரணமாகவும் இருக்கலாம். ஆனால் ஒன்றில் சாம்பலாக இருப்பது இன்னொன்றில் நிழலாகத் தெரிந்தால் ஃபைலில் ஓவர்பிரின்ட் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உடனே வெள்ளை எழுத்து ஒவ்வொன்றையும் தேடிப் பாருங்கள்.

என் கோபம் டிக்கை மறந்ததற்காக இல்லை. நான் குறை சொன்னபோது காரணம் பார்க்காமல் பிரௌசர் மேல் பழி போட்டார்களே, அதற்காக. பணம் ஒரு ரூபாய் திரும்ப வரவில்லை. மறுபடி அடிக்க முழுக் கூலியும் கேட்டார்கள். முகூர்த்த நேரத்தைத் தனிச் சீட்டில் அச்சிட்டு, 400 பத்திரிகையிலும் வீட்டில் உட்கார்ந்து நாங்களே ஒட்டினோம்.