ஸ்லைடு எண் போட்டு ஸ்வாட் எழுதுவது: சில ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பிறகு

நிர்வாகம் அனுப்பும் வியூக டெக்கை, அதாவது ஸ்லைடுத் தொகுப்பைப் படித்து, போர்டு உறுப்பினர்களுக்காக இரண்டு பக்க ஸ்வாட் சுருக்கம் எழுதித் தருவது கோலாலம்பூரில் நான் பார்க்கும் வேலைகளில் ஒன்று. வலிமை, பலவீனம், வாய்ப்பு, அச்சுறுத்தல் என்று நான்கு கட்டம். சில ஆண்டுகளாக இதை ஒரே நிபந்தனையோடு எழுதுகிறேன்: ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் அது எந்த ஸ்லைடிலிருந்து வந்தது என்று எண் இருக்க வேண்டும். எண் போட முடியாத வரி சுருக்கத்தில் இடம்பெறாது. இது எங்கே உதவுகிறது, எங்கே கழுத்தை அறுக்கிறது என்பதை ஒரு டெக்கை வைத்தே சொல்கிறேன். நிறுவனம் எதுவென்று தெரியாதபடி சரக்கையும் எண்களையும் மாற்றியிருக்கிறேன்.

உறைய வைத்த ரொட்டி சானாய், தோசை தயாரித்து பேரங்காடிகளுக்குப் போடும் குடும்ப நிறுவனம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2024 நவம்பரில் வந்த டெக், மொத்தம் 36 ஸ்லைடு.

நான்காவது ஸ்லைடின் தலைப்பு 'வலுவான பிராண்ட்'. கீழே பொட்டலங்களின் படம், சிரிக்கும் குடும்பத்தின் படம். எண் ஒன்றுகூட இல்லை. வழக்கமான ஸ்வாட்டில் வலிமை கட்டத்தின் முதல் வரியே இதுவாகத்தான் இருக்கும். என் முறையில் இதற்கு 'கூற்று' என்று குறி. ஒவ்வொரு சான்றுக்கும் மூன்று குறிகளில் ஒன்றைப் போடுகிறேன். நடந்து முடிந்ததை எண்ணோடு காட்டினால் 'தரவு', வெறும் வாயால் சொன்னால் 'கூற்று', வரும் ஆண்டுகளைப் பற்றியதென்றால் 'கணிப்பு'. கூற்றை மட்டும் நம்பி ஒரு வரி நிற்கக்கூடாது. வேறு ஏதாவது ஸ்லைடில் அதைத் தாங்கும் தரவு இருக்கிறதா என்று தேட வேண்டும். இருந்தால் இரண்டு எண்ணும் போடலாம், இல்லாவிட்டால் வரி போய்விடும்.

இதனால் சண்டை வரும், தெரிந்துகொள்ளுங்கள். விற்பனைப் பிரிவைப் பார்க்கும் இளைஞர் வரைவைப் படித்துவிட்டு உடனே போன் போட்டார். "அண்ணே, பிராண்ட் பலத்தைக் காணோமே, எங்க போச்சு?" "அதுக்கு ஸ்லைடு இல்லையே தம்பி" என்றேன். கொஞ்சம் முறுக்கிக்கொண்டார். ஆனால் அந்த வாரக் கடைசியில் மூன்று பேரங்காடிகளில் தங்கள் சரக்கு எவ்வளவு வேகமாக அலமாரியை விட்டுப் போகிறது என்ற பட்டியலை அனுப்பினார். அது கையில் இருந்தும் டெக்கில் போட யாருக்கும் தோன்றவில்லை. திருத்திய டெக்கில் அது ஏறியது, வலிமை வரியும் திரும்பி வந்தது. வந்த வரி 'வலுவான பிராண்ட்' இல்லை. எந்தப் பேரங்காடியில், எந்தச் சரக்கு, பக்கத்துச் சரக்கைவிட எவ்வளவு வேகமாக விற்கிறது என்ற வரி.

வலிமையை வெட்டுவது சுலபம். இந்த முறை தன் விலைக்குரிய வேலையைச் செய்வது பலவீனக் கட்டத்தில்தான். எந்த நிர்வாகமும் தன் பலவீனத்துக்கு ஒரு தனி ஸ்லைடு போடாது. அது இரண்டு மூன்று ஸ்லைடுகளுக்கு நடுவில் கிடக்கும்.

ஒன்பதாவது ஸ்லைடுக்கு 'நம்பிக்கைக்குரிய பெரிய வாடிக்கையாளர்கள்' என்று தலைப்பு. வட்ட வரைபடத்தைப் பார்த்தால் ஒரே பேரங்காடித் தொடர் 38 விழுக்காடு வாங்குகிறது, இரண்டாவது 19 விழுக்காடு. இதை வலிமை என்றும் எழுதலாம், பலவீனம் என்றும் எழுதலாம். இந்த ஒரு ஸ்லைடை மட்டும் பார்த்து முடிவு சொல்பவர் தன் மனநிலையைத்தான் எழுதுகிறார். பின்னிணைப்பில் 31ஆம் ஸ்லைடு இருக்கிறது, சின்ன எழுத்தில் ஓர் அட்டவணை. வாடிக்கையாளர்களிடமிருந்து பணம் வசூலாகும் சராசரி நாட்கள் மூன்று ஆண்டில் 52இலிருந்து 79 ஆகியிருக்கிறது. ஏழாவது ஸ்லைடில் அதே காலத்தில் விற்பனை 21 மில்லியன் ரிங்கிட்டிலிருந்து 31 மில்லியன் ஆகியிருக்கிறது.

கடைசி இரண்டையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். 21 மில்லியனை 365ஆல் வகுத்து 52ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 3 மில்லியன். 31 மில்லியனுக்கு 79 நாள் என்றால் 6.7 மில்லியன். அதாவது, விற்பனை முழுவதும் கடனில் நடக்கிறது என்று எடுத்துக்கொண்டால், முன்பைவிட சுமார் 3.7 மில்லியன் ரிங்கிட் கூடுதலாக வெளியில் மாட்டிக்கிடக்கிறது. ஏழாவது ஸ்லைடு பெருமையாகக் காட்டும் வளர்ச்சியின் ஒரு பகுதி, கடன் தவணையை நீட்டிக் கொடுத்து வாங்கியதாக இருக்கலாம். அது உறுதியா என்று டெக் சொல்லவில்லை. யார் தாமதமாகக் கட்டுகிறார்கள் என்று வாடிக்கையாளர் வாரியாகப் பிரித்த பட்டியல் அதில் இல்லை. அதனால் சுருக்கத்தில் போன வரி இப்படி:

பலவீனம்: விற்பனையில் 57 விழுக்காடு இரண்டு வாடிக்கையாளர்களிடம். வசூல் நாட்கள் 52இலிருந்து 79 ஆகியுள்ளன. இரண்டுக்கும் தொடர்பு உண்டா என்பதை வாடிக்கையாளர் வாரி நிலுவைப் பட்டியல் பார்த்தே சொல்ல முடியும். (ஸ்லைடு 9, 31, தரவு)

கடைசி வாக்கியத்தை எடுத்துவிடச் சொல்லி அடிக்கடி கேட்பார்கள். எடுப்பதில்லை. இரண்டு ஸ்லைடை நானாகச் சேர்க்கும்போது நடுவில் ஓர் ஊகம் நுழைகிறது. அது என் ஊகம், டெக்கின் சான்று இல்லை என்று படிப்பவருக்குத் தெரிய வேண்டும்.

இதைவிடச் சிக்கலானது, டெக்கில் இல்லாத ஒன்றைச் சான்றாகக் காட்டுவது. 26ஆம் ஸ்லைடு இரண்டு ஆண்டில் விற்பனை 45 மில்லியன் என்கிறது. 33ஆம் ஸ்லைடில் குளிர் அறை ஏற்கனவே 93 விழுக்காடு நிரம்பியிருக்கிறது. 28ஆம் ஸ்லைடில் உள்ள முதலீட்டுப் பட்டியலில் பொட்டலம் கட்டும் இயந்திரம் மட்டும்தான். கூடுதல் சரக்கை எங்கே வைப்பார்கள்? பதில் எந்த ஸ்லைடிலும் இல்லை. 'இல்லை' என்று எழுதுமுன் 36 ஸ்லைடையும் பேச்சாளர் குறிப்புகளையும் மறைத்து வைத்த ஸ்லைடுகளையும் பார்த்தாக வேண்டும். நேரம் விழுங்கும் வேலை. ஆனால் போர்டில் முதல் கேள்வி பெரும்பாலும் இதிலிருந்துதான் கிளம்பும்.

வரைபடங்களைப் பற்றியும் ஒன்று. 14ஆம் ஸ்லைடில் மொத்த இலாப விகிதத்தின் பட்டை மூன்று ஆண்டில் இரண்டு மடங்குக்கு மேல் உயர்ந்தது போலத் தெரியும். செங்குத்து அச்சு 24இல் தொடங்குகிறது, அவ்வளவுதான் சங்கதி. 25.2இலிருந்து 26.8க்குப் போயிருக்கிறது. நல்ல முன்னேற்றம்தான், வலிமை கட்டத்தில் போடலாம். ஆனால் '1.6 விழுக்காட்டுப் புள்ளி' என்று போட வேண்டும். பட்டையின் உயரத்தைப் பார்த்து எழுதாமல் அதன் மேலிருக்கும் எண்ணைப் பார்த்து எழுதினால் இதில் சிக்க மாட்டீர்கள்.

வாய்ப்பு கட்டத்தில் எல்லா டெக்கும் செய்யும் குழப்பம் ஒன்றே: தான் செய்யப்போவதை வாய்ப்பு என்று எழுதுவது. 'சிங்கப்பூரில் நுழைவோம்' என்பது திட்டம். நான் கேட்டுக்கொள்ளும் கேள்வி, இந்த நிறுவனம் நாளைக்கே இழுத்து மூடப்பட்டாலும் இது உண்மையாக இருக்குமா என்பது. இருக்குமென்றால் அது வெளி விஷயம், வாய்ப்பிலோ அச்சுறுத்தலிலோ வரும். இல்லையென்றால் உள்ளே. சிங்கப்பூர்க் கடைகள் இந்தச் சரக்கைக் கேட்பது வெளி விஷயம், அதற்குச் சான்று வேண்டும். 24ஆம் ஸ்லைடு காட்டிய சந்தை அளவோ தென்கிழக்காசியா முழுவதற்கும், உறைய வைத்த எல்லா உணவுக்கும் சேர்த்தது. ஐஸ்கிரீமும் இறாலும் அதற்குள் அடங்கும். ரொட்டி சானாய் விற்பவருக்கு அந்த எண் எதையும் சொல்லாது. வரியை நீக்கிவிட்டு, சிங்கப்பூர் விநியோகஸ்தர்களிடமிருந்து வந்த விசாரிப்புகள் பற்றிய 25ஆம் ஸ்லைடை மட்டும் வைத்துக்கொண்டேன்.

அச்சுறுத்தலில்தான் இந்த முறை தடுமாறுகிறது. டெக்கில் அச்சுறுத்தல் ஸ்லைடு இருந்தது. 'கடும் போட்டி, பொருளாதார மந்தம்', இரண்டும் கூற்று. யாரும் எந்த ஆண்டிலும் எந்த நிறுவனத்துக்கும் எழுதக்கூடியவை. உண்மையான அச்சுறுத்தல் 27ஆம் ஸ்லைடில், ஆள்செலவுக் கணிப்பின் அடிக்குறிப்பில் ஒளிந்திருந்தது: தொழிற்சாலை ஊழியர் 60 பேருக்கும் மாதம் 1,500 ரிங்கிட் அடிப்படைச் சம்பளம் என்று வைத்து அடுத்த ஆண்டுக் கணக்கு. 2024 அக்டோபர் 18இல் தாக்கலான 2025 பட்ஜெட்டிலேயே குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரி 1 முதல் 1,700 ரிங்கிட் என்று அறிவித்துவிட்டார்கள். டெக் தயாரானது நவம்பரில். ஆளுக்கு 200 ரிங்கிட், பதினொரு மாதம், 60 பேர்: 132,000 ரிங்கிட், முதலாளி கட்டும் EPF, SOCSO சந்தா சேர்க்காமல்.

இதை எழுத ஸ்லைடு எண் மட்டும் போதாது, அரசாங்க அறிவிப்பும் வேண்டும். ஆகவே என் விதியில் ஓர் ஓட்டை வைத்திருக்கிறேன். அச்சுறுத்தல், வாய்ப்பு இரண்டிலும் வெளிச்சான்று அனுமதி உண்டு. ஆனால் அது டெக்கிலுள்ள ஏதாவது ஒரு ஸ்லைடைத் தொட வேண்டும். தொடாவிட்டால் அது பொது அறிவு, ஸ்வாட் இல்லை. ஸ்லைடைத் தொட்டும் நான் விட்டது டீசல் விலை. 2024 ஜூன் 10இல் தீபகற்பத்தில் லிட்டர் 2.15இலிருந்து 3.35 ஆனது எல்லாருக்கும் தெரியும். இவர்களிடம் 12 குளிர்சாதன லோரி இருப்பதும் 22ஆம் ஸ்லைடில் உண்டு. ஆனால் தகுதியுள்ள சரக்கு வாகனங்களுக்கு மானிய அட்டை இருக்கிறது. இவர்கள் வாங்கியிருக்கிறார்களா என்று எந்த ஸ்லைடும் சொல்லவில்லை. அதைக் கேள்விப் பட்டியலில் சேர்த்தேன், அச்சுறுத்தலில் சேர்க்கவில்லை.

நீண்ட நாள் பயன்பாட்டில் வந்த எரிச்சல்களில் பெரியது ஸ்லைடு எண்ணே. கூட்டத்துக்கு முந்தைய இரவு யாராவது ஒரு ஸ்லைடை நடுவில் செருகினால் அதற்குப் பிந்தைய எல்லா எண்களும் ஒன்று நகரும். மறைத்த ஸ்லைடு இருந்தால் இன்னும் வேடிக்கை. அதை விட்டுவிட்டு PDF எடுத்தால், PDFஇன் 12ஆம் பக்கத்தில் ஸ்லைடின் மூலையில் 13 என்று அச்சாகியிருக்கும். போர்டில் ஒருவர் பக்க எண்ணைப் பார்ப்பார், இன்னொருவர் மூலையில் உள்ள எண்ணைப் பார்ப்பார். அதனால் ஸ்லைடு எண்ணோடு தலைப்பின் முதல் இரண்டு சொல்லையும் டெக்கின் தேதியையும் போடுகிறேன். நான் படித்த பிரதியை PDF ஆக்கி சுருக்கத்தோடு இணைத்தே அனுப்புகிறேன்.

இன்னொரு வரம்பு இருக்கிறது. ஸ்லைடு எண், நிர்வாகம் இப்படிச் சொன்னது என்பதற்குத்தான் சான்று. விற்பனை 31 மில்லியன் என்பது தணிக்கை செய்த கணக்கோடு ஒத்துப்போகிறதா என்பது வேறு வேலை. மலேசிய நிறுவனப் பதிவு ஆணையமான SSMஇல் தாக்கல் செய்த நிதிக்கணக்கைக் காசு கட்டி வாங்கிப் பார்க்கலாம். விலக்குப் பெற்ற தனியார் நிறுவனமாக இருந்தால் அங்கே கணக்கு கிடைக்காமலும் போகலாம். நான் ஏழாவது ஸ்லைடை மட்டுமாவது அதோடு ஒப்பிடப் பார்ப்பேன், மற்ற பல வரிகள் அதன் மேல்தான் நிற்கின்றன.

படமும் இரண்டு சொல்லுமாக வரும் டெக்குகளுக்கு இந்த முறை உதவாது. பேசுபவர் மேடையில் சொல்வதுதான் அவற்றின் உள்ளடக்கம். அப்படி ஒன்று வந்தால் ஸ்வாட் எழுதாமல், ஸ்லைடு வாரியாகக் கேள்வி எழுதித் திருப்பி அனுப்பிவிடுகிறேன். பாதிக்குப் பதில் எண்ணோடு வரும், அப்புறம் எழுதலாம்.