பினாங்கில் பல் இம்பிளாண்ட் வைக்கப் போகிறீர்களா? கொட்டேஷனில் ‘பின்னர் தெரிவிக்கப்படும்’ என்ற வரி இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள்

என் அம்மாவுக்கு நடந்ததை எழுதுகிறேன். கிளினிக்கின் பெயரைச் சொல்லப் போவதில்லை. இதே மாதிரித் தாளை வேறு இடங்களிலும் கொடுக்கிறார்கள் என்று பிறகு தெரிந்துகொண்டேன். அதனால் பெயரைவிட அந்தத் தாளை எப்படிப் படிப்பது என்பதுதான் உங்களுக்கு உதவும்.

அம்மாவுக்கு வலது பக்கம் கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்று வேரோடு பிளந்துவிட்டது. பிடுங்குவதைத் தவிர வழியில்லை. பட்டர்வொர்த்தில் ஒரு தனியார் கிளினிக்கின் வாசலில் ‘இம்பிளாண்ட் 3,800 வெள்ளி’ என்று பெரிய பதாகை தொங்கியது. அக்காதான் அம்மாவை அழைத்துப் போனாள். டாக்டர் பார்த்தார், படம் எடுத்தார். அப்புறம் கவுண்டரில் இருந்த பெண் ஒரு பக்கத் தாளை நீட்டி, “ஆன்ட்டி, இங்கே சைன் பண்ணுங்க, இன்னைக்கே பல்லை எடுத்துடலாம்” என்றாராம். வலியில் இருக்கும் எழுபது வயதுப் பெண்மணி என்ன செய்வார்? போட்டுவிட்டார்.

அந்தத் தாளில் மூன்று கட்டங்கள் இருந்தன. முதல் கட்டம், ஸ்கேன் 250, பல் பிடுங்க 250, எலும்பு நிரப்பவும் அதன் மேல் சவ்வு வைக்கவும் 1,400. ஆக 1,900 வெள்ளி. இரண்டாம் கட்டம், ‘இம்பிளாண்ட்’ 3,800. இதில் பாதி கையெழுத்திடும்போதே டெபாசிட், மீதி அறுவைச் சிகிச்சை அன்று. மூன்றாம் கட்டத்துக்கு ஒரே ஒரு வரி. ‘ப்ரோஸ்தெட்டிக் ஃபேஸ்: பின்னர் தெரிவிக்கப்படும்.’ திருகின் மேல் செயற்கைப் பல்லைப் பொருத்தும் கட்டத்துக்குத்தான் அந்தப் பெயர்.

கதை முழுக்க இந்த வரியில்தான் இருக்கிறது. இம்பிளாண்ட் என்று நாம் சொல்லும் பல் மூன்று பாகங்கள் சேர்ந்தது. தாடை எலும்புக்குள் இறங்கும் டைட்டானியம் திருகு ஒன்று. அதற்கு ஃபிக்ஸ்சர் என்று பெயர். அதன் மேல் ஈறுக்கு வெளியே எட்டிப் பார்க்கும் இணைப்புத் துண்டு, அபட்மெண்ட். அதற்கும் மேலே நாம் மெல்லுவதற்கான கிரௌன், அதாவது பல்லின் வடிவம். பதாகையில் இருந்த 3,800 வெள்ளி வெறும் திருகுக்கு. திருகை மட்டும் வைத்துக்கொண்டு யாரும் சோற்றை மெல்ல முடியாது.

இதில் காலமும் ஒரு பங்கு வகிக்கிறது. பல்லைப் பிடுங்கிக் குழியில் எலும்புத் துகள் நிரப்பினால் அது ஆறி உறுதியாக ஏறக்குறைய நான்கு மாதம் ஆகும். அப்புறம் திருகு. அதோடு எலும்பு ஒட்டிப் பிடிக்கக் கீழ்த்தாடையில் மூன்று மாதம் போல எடுக்கும், மேல்தாடையில் இன்னும் கூடுதல். அதற்குப் பிறகுதான் அளவு எடுத்து அபட்மெண்டும் கிரௌனும் செய்வார்கள். ஆக, மூன்றாம் கட்டம் வரும்போது நீங்கள் முதல் இரண்டு கட்டங்களின் பணத்தை முழுக்கக் கட்டி முடித்திருப்பீர்கள். வாயில் திருகு பொருந்தி இருக்கும். அந்த நேரத்தில் விலை சொன்னால் மறுக்க உங்களிடம் என்ன இருக்கிறது?

அம்மாவுக்கு அப்படித்தான் ஆனது. 5,700 வெள்ளி கட்டி முடித்து, எல்லாம் நன்றாக ஆறிய பிறகு, அபட்மெண்ட் 1,300, சிர்கோனியா கிரௌன் 1,900 என்றார்கள். மொத்தம் 8,900 வெள்ளி. பதாகையில் பார்த்த தொகையின் இரண்டு மடங்குக்கும் மேல். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொரு விலையும் ஊரில் கேட்டிராத விலை அல்ல. 8,900 என்று முதல் நாளே சொல்லியிருந்தால் அம்மா பக்கத்துப் பற்களைச் செதுக்கிப் பிரிட்ஜ் கட்டுவதையோ, கழற்றி மாட்டும் பல்லையோ, ஒன்றும் வைக்காமல் விடுவதையோ யோசித்திருப்பார். அந்த வாய்ப்பைத்தான் எடுத்துக்கொண்டார்கள். எனக்குக் கோபம் அதில்தான்.

பணத்தைவிட அம்மாவை அதிகம் வருத்தியது இன்னொன்று. முதல் கட்டத்தில் எலும்பு நிரப்பியதற்கு எதிரே ‘சீனோகிராஃப்ட், கொலாஜன் மெம்பிரேன்’ என்று எழுதியிருந்தது. சீனோகிராஃப்ட் என்றால் வேறு உயிரினத்திலிருந்து எடுத்த எலும்பு. பல் மருத்துவத்தில் பெரும்பாலும் அது மாட்டு எலும்பு. புரதத்தையெல்லாம் நீக்கி, கனிமப் பகுதியை மட்டும் சின்னச் சின்னத் துகள்களாக்கி விற்கிறார்கள். மேலே மூடும் கொலாஜன் சவ்வு பன்றியிலிருந்தோ மாட்டிலிருந்தோ வரலாம்.

அம்மா வாழ்நாளில் மாட்டிறைச்சி தொட்டவர் அல்லர். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை ஏறும் குடும்பம் எங்களுடையது. தன் தாடைக்குள் மாட்டெலும்பு இருக்கிறது என்று பல மாதம் கழித்து வேறொரு டாக்டர் வாயால் கேட்டபோது அம்மா பேசவே இல்லை. அன்றிரவு சாப்பிடவும் இல்லை. மருத்துவத்துக்காக இதை ஏற்றுக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள், அது அவரவர் முடிவு. ஆனால் முடிவெடுக்க முதலில் யாராவது சொல்ல வேண்டும் அல்லவா? நம் தமிழ் முஸ்லிம் நண்பர்களுக்கும் அந்தச் சவ்வு இதே அளவு முக்கியமான விஷயம்.

மாற்று இல்லையா என்றால் இருக்கிறது. செயற்கையாகத் தயாரித்த கால்சியம் பாஸ்பேட் துகள் உண்டு. மனிதத் தானத்தில் பெற்ற எலும்பு உண்டு. நம் தாடையிலிருந்தே கொஞ்சம் எடுத்து வைப்பதும் உண்டு. எல்லாம் ஒரே மாதிரி வேலை செய்யாது. சில செயற்கைத் துகள்கள் மாட்டெலும்பைவிடச் சீக்கிரம் கரைந்துவிடும், அதனால் நிரப்பிய எலும்பின் கன அளவு குறையலாம். எது பொருந்தும் என்பது குழியின் சுவர்கள் எந்த அளவுக்கு மிஞ்சியிருக்கின்றன என்பதைப் பொறுத்தது. இதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். பிறகு நாங்கள் பார்த்த டாக்டர் படத்தைப் பார்த்துவிட்டு, “எலும்பு நிரப்பினது தப்பில்லைம்மா. எதை வைக்கிறோம்னு உங்ககிட்ட கேட்டிருக்கணும்” என்றார். நானும் அதையேதான் சொல்கிறேன்.

சரி, மூன்றாம் கட்டத்தை வேறு கிளினிக்கில் முடிக்கலாமே என்று நினைத்தோம். அங்கேதான் இன்னொரு முடிச்சு. திருகின் உள்வாய் வடிவம் பெரும்பாலும் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். ஒரே நிறுவனத்திலும் வகைக்கும் விட்டத்துக்கும் தகுந்தபடி மாறலாம். நட்டுக்கு ஏற்ற ஸ்பேனர் மாதிரி, திருகு எந்த வகை, என்ன விட்டம் என்று தெரியாமல் அபட்மெண்ட் வாங்கவே முடியாது. எங்கள் தாளில் ‘இம்பிளாண்ட்’ என்ற ஒரு சொல்தான். நிறுவனம் இல்லை, அளவு இல்லை. எக்ஸ்ரேயைப் பார்த்து ஊகிக்கலாம், ஆனால் ஊகத்தை நம்பி 2,000, 3,000 வெள்ளி செலவழிக்க எந்த டாக்டரும் முன்வரத் தயங்குவார்.

திருகு வரும் பெட்டியிலேயே ஒட்டும் லேபிள் இருக்கும். பெயர், நீளம், விட்டம், லாட் எண் எல்லாம் அதில் இருக்கும். ஒன்றைக் கிளினிக் கோப்பில் ஒட்டுவார்கள், ஒன்றை நோயாளியின் அட்டையில் ஒட்டிக் கொடுக்கலாம். கேட்டு வாங்குங்கள். எங்களுக்கு முதலில் தர மறுத்தார்கள். தனியார் சுகாதார வசதிகள், சேவைகள் தொடர்பான 1998ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தனியார் கிளினிக்குகள் நோயாளியின் புகாரைக் கையாள ஓர் ஏற்பாடு வைத்திருக்க வேண்டும். அந்தச் சட்டத்தைக் குறிப்பிட்டு, தேதி போட்டு, அம்மாவின் கையெழுத்தோடு கடிதம் கொடுத்தேன். அப்புறம்தான் லேபிளின் நகல் வந்தது.

நல்ல தாள் எப்படி இருக்கும் என்பதைச் சமீபத்தில் ஜெலுத்தோங்கில் மாமாவுக்குக் கிடைத்த கொட்டேஷனில் பார்த்தேன். மேலேயே பல்லின் எண், 46. வலது கீழ்ப் பக்கத்துக்கு நான்கு, முன்னிருந்து ஆறாவது பல் என்பதால் ஆறு. எந்தப் பல்லுக்கான செலவு என்பதில் சந்தேகமே வராது. திருகின் நிறுவனமும் வகையும் எழுதியிருந்தது. அபட்மெண்டும் கிரௌனும் தனி வரிகளாக, கிரௌன் எந்தப் பொருளில் என்பதோடு, விலையோடு. அடியில் மொத்தத் தொகை.

அதில் எனக்கு மிகவும் பிடித்தது ஒரு வரி. அறுவைச் சிகிச்சையின்போது எலும்பு போதாது என்று தெரிந்தால் கூடுதலாக நிரப்ப வேண்டியிருக்கலாம், அப்படியானால் 900 வெள்ளிக்கு மேல் போகாது, துகள் செயற்கை வகை என்று முன்கூட்டியே எழுதியிருந்தார்கள். ஈறைத் திறந்து பார்க்கும் முன் எல்லாவற்றையும் சொல்லிவிட முடியாது என்பது உண்மைதான். ஆனால் தெரியாததற்கும் ஓர் உச்ச வரம்பு போட முடியும். ‘பின்னர் தெரிவிக்கப்படும்’ என்பதற்கும் இதற்கும் எவ்வளவு வித்தியாசம் பாருங்கள்.

பணம் கட்டும் முறையும் வேறாக இருந்தது. திருகுக்கான பணம் திருகு வைக்கும் நாளில். அபட்மெண்டுக்கும் கிரௌனுக்கும் அளவு எடுக்கும்போது பாதிப் பணம், மீதி பொருத்திய பிறகு. அம்மாவின் தாளில் நான்கு மாதம் கழித்து வைக்கப் போகும் திருகுக்கு அன்றே 1,900 வெள்ளி வாங்கினார்கள். நடுவில் எலும்பு சரியாக ஆறாமல் திருகு வைக்க முடியாது போனால் அந்த டெபாசிட் திரும்பி வருமா என்ற கேள்விக்குத் தாளில் பதிலே இல்லை. திருகு ஒட்டாமல் கழன்றுவிட்டால் மறுபடி வைக்க யார் செலவு? அதுவும் இல்லை. திருகு ஒட்டாமல் போவது அபூர்வம்தான், ஆனால் நடக்காத விஷயம் அல்ல. சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவர்கள், சிகரெட் பிடிக்கிறவர்கள் இதைக் கேட்காமல் இருக்கவே கூடாது.

வலி தாங்க முடியாமல் போனால் அன்றைக்குப் பல்லை மட்டும் பிடுங்கச் சொல்லுங்கள். அதற்கு மட்டும் பணம் கட்டுங்கள். குழியில் எலும்பு நிரப்புவதாக இருந்தால் பிடுங்கும் அன்றே செய்வது வழக்கம், அதனால் அந்த ஒரு கேள்விக்கு மட்டும் அங்கேயே பதில் வேண்டும்: நிரப்பப் போகிறீர்களா, எதை வைத்து? திருகு பற்றிய தாளை வீட்டுக்கு எடுத்து வந்துவிடுங்கள். குழி ஆறிய பிறகு திருகு வைப்பதானால் அதற்கு மாதங்கள் இருக்கின்றன, அன்றே கையெழுத்து வாங்க மருத்துவக் காரணம் எதுவும் கிடையாது. வீட்டில் ஆங்கிலம் தெரிந்தவரிடம் ஒவ்வொரு வரியையும் படித்துக் காட்டச் சொல்லுங்கள். விலை எழுதாத வரி இருந்தால் கிளினிக்கில் கொடுத்து எழுதி வாங்குங்கள். எழுதித் தர மறுத்தால் வேறு இடம் பாருங்கள்.

அம்மாவுக்குக் கிரௌன் இப்போது வேறொரு கிளினிக்கில் தயாராகிறது. அபட்மெண்டோடு சேர்த்து 2,400 வெள்ளி, எழுத்தில். முதல் கிளினிக்கின் தாள், ரசீதுகள், லேபிள் நகல் எல்லாவற்றையும் சேர்த்து மாநிலச் சுகாதாரத் துறைக்குப் புகார் அனுப்பியிருக்கிறேன். பினாங்கு பயனீட்டாளர் சங்கத்துக்கும் ஒரு பிரதி போயிருக்கிறது. பதில் வந்ததும் இங்கேயே எழுதுகிறேன்.