நிகர தற்போதைய மதிப்பும் உண்மை விருப்ப அணுகுமுறையும்

இன்று 100 கோடி முதலீடு கேட்கும் ஓர் ஆலை, ஓராண்டில் சரிபாதி வாய்ப்புடன் 150 கோடி அல்லது 60 கோடி மதிப்புப் பெறும் என்று கொள்வோம். 10% தள்ளுபடி விகிதத்தில், சராசரி 105 கோடியின் இன்றைய மதிப்பு 95.5 கோடி, அதிலிருந்து முதலீட்டைக் கழித்தால் கிடைக்கும் நிகர தற்போதைய மதிப்பு கழித்தல் 4.5 கோடி, திட்டம் நிராகரிக்கப்படும். இக்கணக்கு, நிலைமை கெட்டாலும் மேலாளர் கைகட்டி நிற்பார் என்று மறைமுகமாகக் கொள்கிறது.

விருப்ப அணுகுமுறையோ, மோசமான நிலையில் இயந்திரங்களை 80 கோடிக்கு விற்றுவிட்டு விலகும் உரிமையையும் எண்ணுகிறது. அந்தக் கூடுதல் 20 கோடியைப் பழைய 10% விகிதத்திலேயே தள்ளுபடி செய்வதுதான் பலர் செய்யும் பிழை. இந்த உரிமை காப்பீடு போன்றது, அதன் இடர் ஆலையின் இடரன்று. இடரற்ற வட்டி 5% எனில், அந்த வட்டியில் தள்ளுபடி செய்தாலும் ஆலையின் மதிப்பு அதே 95.5 கோடியாக வரச்செய்யும் இடர்நடுநிலை நிகழ்தகவு நல்ல நிலைக்கு 0.447, மோசமான நிலைக்கு 0.553, உரிமையின் மதிப்பு 0.553 × 20 ÷ 1.05, அதாவது 10.5 கோடி. திட்டத்தின் மதிப்பு கூட்டல் 6 கோடியாகிறது.

விரிவாக்க உரிமைக்கும் இதே முறைதான், அது நல்ல நிலையில் பயன்படும் என்பதே வேறுபாடு. ஆனால் 80 கோடிக்கு வாங்குபவர் உண்மையில் இருக்க வேண்டும். துறையே சரியும்போது பழைய இயந்திரங்களின் விலையும் சேர்ந்தே சரியும்.