வருவதாகச் சொன்ன விருந்துக்கு வர முடியாதபோது: போனா, வாட்ஸ்அப்பா?

ஞாயிறு இரவு கோலாலம்பூர் ஹோட்டலில் கல்யாண விருந்து. நான்கு பேர் வருவதாகச் சொல்லியாகிவிட்டது. வெள்ளி மாலை மாமியார் வழுக்கி விழுந்து மருத்துவமனையில்.

வேகம்
போன்: எடுத்தால் உடனே தெரியும். கல்யாண வீட்டில் யார் எடுப்பார்கள்?
செய்தி: காத்திருக்கும்.

கணக்கு
போன்: மேசைக்குப் பத்துப் பேர் என்று கணக்குப் போடுகிற சந்தடியில் நம் "நாலு பேர்" மறந்துபோகும்.
செய்தி: மேசை ஒதுக்குபவருக்கு அப்படியே அனுப்பிவிடலாம்.

மரியாதை
போன்தான். பெரியவர்களுக்குக் குரல் வேண்டும்.

நான் எழுதியது: "அண்ணா, வணக்கம். ஞாயிறு விருந்துக்கு நால்வரும் வருவதாகச் சொல்லியிருந்தோம். அத்தை மருத்துவமனையில் இருப்பதால் வர இயலவில்லை, மன்னிக்கவும். எங்கள் நான்கு இடங்களையும் வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள். மொய்யோடு அடுத்த வாரம் வீட்டுக்கு வருகிறோம்." "முயற்சி செய்கிறோம்" என்று மட்டும் எழுதாதீர்கள், நான்கு நாற்காலி காலியாகவே கிடக்கும்.

அழைத்தவர் மூத்தவர், இரண்டு நாளாவது இருக்கிறது என்றால் முதலில் போன், அப்புறம் எண்ணிக்கையோடு ஒரு வரிச் செய்தி. அன்றைக்கே என்றால் செய்தி மட்டும் போதும். அதுவும் மணமக்களுக்கு வேண்டாம், அட்டையில் எண் போட்டிருக்கும் உறவினருக்கு.