ஆண்டு இறுதி அன்பளிப்பு: அவரவர் கொடுப்பதா, சேர்த்துப் பங்கிடுவதா?

எங்கள் அலுவலகத்தின் காவலர்களுக்கும் துப்புரவு, கேன்டீன் பணியாளர்களுக்கும் ஆண்டு இறுதி அன்பளிப்பைப் பல ஆண்டுகளாக அவரவர் விருப்பப்படிதான் கொடுத்து வந்தோம். ஆண்டின் கடைசி வாரத்தில், முகம் தெரிந்தவர்களின் கையில் ஓர் உறையைத் திணித்துவிட்டுப் போவோம். ஒரு முறை வேலை முடிய நேரமாகி, இரவு பத்து மணிக்குக் கீழே இறங்கினேன். வாயிலில் இருந்த காவலர் பதிவேட்டில் என் பெயரை எழுதிக்கொண்டிருந்தார். என் பையில் ஓர் உறை மீதம் இருந்தது, கொடுத்தேன். "இது பகல் ஆட்களுக்குத்தானே சார்?" என்று கேட்டார். மூன்று ஆண்டுகளாக அந்த வாயிலில் இருப்பவர் அவர். ஒருவர்கூட அவருக்குக் கொடுத்ததில்லை.

அவரவர் கொடுக்கும் முறையின் கோளாறு இதுதான். கொடுப்பவரின் மனத்தில் குறை இல்லை, கண்ணில்தான் குறை. நாம் வரும் நேரத்தில் கதவைத் திறப்பவரும் தேநீர் கொண்டுவருபவரும் நம் கண்ணில் படுகிறார்கள். நாம் வருவதற்கு முன்பே கழிப்பறையைக் கழுவிவிட்டுப் போகிறவரும், பாத்திரம் துலக்குபவரும், இரவுக் காவலரும் படுவதில்லை. கடினமான வேலை பெரும்பாலும் கண்ணில் படாத நேரத்தில்தான் நடக்கிறது. நெருங்கிப் பழகியவருக்குத் தனியாகக் கொடுப்பதில் ஓர் அன்பு உண்டு. அதை யாரும் தடுக்க வேண்டாம். ஆனால் அதை மட்டுமே முறையாக வைத்துக்கொண்டால், சிலருக்குக் கை நிறையும், சிலருக்கு ஒன்றுமே இராது.

ஆகவே பொதுவில் சேர்க்கத் தொடங்கினோம். முதலில் எழுந்த கேள்வி, எவ்வளவு என்பது. அங்கே வேலை செய்பவர்களில் மிகக் குறைந்த கூலி பெறுபவரின் ஒரு நாள் கூலியை அளவுகோலாக வைத்தோம். கூலி உயர உயரத் தொகையும் தானே உயரும் என்பது இதன் நன்மை. பத்து ஆண்டுகளுக்கு முன் யாரோ முடிவு செய்த தொகையையே மாற்றாமல் கொடுத்துக்கொண்டிருக்கும் அலுவலகங்களை நான் அறிவேன். அங்கே அன்பளிப்பு ஆண்டுதோறும் சத்தமில்லாமல் சுருங்குகிறது.

நாங்கள் நாற்பது பேர். எல்லோரும் சமமாகப் போட வேண்டும் என்றால் புதிதாகச் சேர்ந்தவருக்குச் சுமை. அதனால் இளநிலையில் இருக்கும் இருபது பேருக்கு ஒரு நாள் கூலி, நடுநிலையில் பதினைந்து பேருக்கு இரண்டு, மேல்நிலையில் ஐந்து பேருக்கு நான்கு என்று பரிந்துரை மட்டும் செய்தோம். எல்லோரும் அப்படியே போட்டிருந்தால் 70 நாள் கூலி சேர்ந்திருக்கும். பெயர் எழுதாத உறைகளை மூடிய பெட்டியில் போடச் சொன்னோம். வந்தது 54. யார் குறைத்தார்கள் என்று யாருக்கும் தெரியாது, தெரியவும் கூடாது. பெயரும் தொகையும் எழுதிய தாளைச் சுற்றுக்கு விட்டால் கூடுதலாகச் சேரும் என்பது உண்மைதான். ஆனால் அது வசூலாகிவிடும்.

பெறுபவர்கள் பதினான்கு பேர்: காவலர்கள் ஆறு, துப்புரவுப் பணியாளர்கள் ஐந்து, கேன்டீனில் மூன்று. இவர்களில் நான்கு பேரால்தான் கணக்கு சிக்கலானது. பத்து மாதம் இருந்துவிட்டு வேறு இடத்துக்கு மாற்றப்பட்ட காவலர் ஒருவர். அவருக்குப் பதிலாக வந்து இரண்டே மாதம் ஆன இன்னொருவர். மற்றவர்களின் வார விடுப்புக்காக வாரத்தில் நான்கு நாள் மட்டும் வரும் மாற்றுக் காவலர். காலையில் அரை நாள் மட்டும் வரும் துப்புரவு அக்கா.

தலைக்குச் சமமாகப் பங்கிட்டால் ஒவ்வொருவருக்கும் 3.86 நாள் கூலி. எளிது, விளக்கம் தேவையில்லை. ஆனால் இரண்டு மாதம் ஆனவரும் பன்னிரண்டு மாதம் நின்றவரும் ஒரே தொகை பெறுவார்கள். அது தொகை வாங்குகிறவர்களுக்கே உறுத்தும்.

உழைத்த மாதங்களைக் கணக்கிட்டுப் பார்த்தோம். அரை நாள் வேலைக்குப் பாதி. மாற்றுக் காவலருக்கு ஆறில் நான்கு பங்கு. மொத்தம் 146 மாதம் வந்தது. முழு ஆண்டு இருந்தவருக்கு 4.44, மாற்றுக் காவலருக்கு 2.96, அரை நாள் அக்காவுக்கு 2.22, புதியவருக்கு 0.74. கணக்குப் பிழையே இல்லை. ஆனாலும் அந்தத் தாளைப் பார்த்தபோது எனக்குப் பிடிக்கவில்லை. சம்பளப் பட்டியலை அப்படியே படி எடுத்ததுபோல் இருந்தது. அக்கா அரை நாள் வேலைக்கு அரைக் கூலி ஏற்கெனவே வாங்குகிறார். நன்றி சொல்லும் இடத்திலும் அவரைப் பாதி ஆளாக்குவது எதற்கு? ஆண்டு முழுவதும் காலைதோறும் வந்தவர் அவர்.

கடைசியில் எடுத்த முடிவு இரண்டுக்கும் இடையில் இருந்தது. அரையாண்டு அல்லது அதற்கு மேல் இருந்தவருக்கு, நாள் முழுதும் வேலையோ பாதியோ, முழுப் பங்கு. அதற்குக் குறைவாக இருந்தவருக்கு அரைப் பங்கு. பதின்மூன்று முழுப் பங்கும் ஓர் அரைப் பங்கும் சேர்ந்து பதின்மூன்றரை. 54ஐ அதனால் வகுத்தால் முழுப் பங்கு 4 நாள் கூலி, அரைப் பங்கு 2. யார் கேட்டாலும் ஒரே மூச்சில் விளக்கிவிடலாம் என்பதே இந்த முறையின் பலம். எல்லைக் கோட்டில் நிற்பவருக்கு இது இடிக்கும்: ஐந்தரை மாதம் ஆனவர் பாதி இழப்பார். அத்தகைய ஒருவர் இருந்தால் மேல்பக்கமாகவே முழுமையாக்க வேண்டும் என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டோம்.

காவலர், துப்புரவு, கேன்டீன் என்று பிரிவுவாரியாகத் தொகையை மாற்றலாம் என்று ஒருவர் சொன்னார். காவலருக்குக் கூலி கொஞ்சம் கூடுதல் என்பதால் அன்பளிப்பும் கூடுதலாம். அதை நான் ஏற்கவில்லை. கூலியில் உள்ள ஏற்றத்தாழ்வை நாமும் சுமந்துகொண்டு போக வேண்டியதில்லை. பணமா பொருளா என்ற பேச்சும் வந்தது. பணம்தான். அவர்கள் வீட்டில் என்ன இல்லை என்று நமக்குத் தெரியாது.

பங்கீட்டைவிட அதிகம் தவறு நடக்கும் இடம் ஒப்படைப்பு. இவர்களில் பலர் ஒப்பந்த நிறுவனங்களின் ஆட்கள். மேற்பார்வையாளரிடம் மொத்தமாகக் கொடுத்தால், போய்ச் சேரும் தொகை எவ்வளவு என்று நமக்குத் தெரிய வழியில்லை. பெயர்ப் பட்டியலை அவரிடம் கேட்டால் அன்று பணியில் இருப்பவர்களின் பெயர்தான் வரும். மாற்றுக் காவலரும் மாறிப்போனவரும் விடுபடுவார்கள். வாயில் பதிவேட்டையும் துப்புரவு வருகைத் தாளையும் பன்னிரண்டு மாதத்துக்கும் புரட்டிப் பார்த்துத்தான் நாங்கள் பதினான்கு பெயரை எட்டினோம். சில நிறுவனங்கள் தம் ஆட்கள் பணம் வாங்கக் கூடாது என்று விதி வைத்திருக்கும். அதை முதலிலேயே கேட்டு, எழுத்தில் சம்மதம் பெற்றுவிட வேண்டும்; இல்லையென்றால் நம் நன்றி அவருடைய வேலைக்கே உலை வைக்கும். சட்டப்படி அவர்களுக்குச் சேர வேண்டிய போனஸ் இருந்தால் அது வேறு. இந்த உறையைக் காட்டி அதை யாரும் கழித்துக்கொள்ளாதபடி, "ஊழியர்களின் தனிப்பட்ட அன்பளிப்பு" என்று உறைமேல் எழுதினோம்.

கூட்டம் கூட்டி, வரிசையில் நிறுத்திப் படம் எடுக்கவில்லை. ஷிப்ட் மாறும் நேரத்தில், இரண்டு பேராகப் போய், பெயர் எழுதிய உறையை அவரவர் கையிலேயே கொடுத்தோம். இரவு ஷிப்டில்தான் தொடங்கினோம். மாறிப்போன காவலர் இப்போது நிற்கும் கட்டடத்தை விசாரித்து, மறுநாள் மாலை அங்கே போனேன். என்னைக் கண்டதும், ஏதோ புகார் வந்துவிட்டது என்று பதறி எழுந்து நின்றார். உறையில் தம் பெயர் இருந்ததை இரண்டு முறை படித்துப் பார்த்தார். பிறகு, "அந்தப் பின்வாசல் தாழ்ப்பாளைச் சரிசெய்துவிட்டார்களா சார்?" என்று கேட்டார்.