கேப்ஷன் காலண்டர்: ‘இன்று மட்டும்’ தரும் தலைவலி

பெரம்பூரில் தையல் சாமான் கடை வைத்திருக்கும் நண்பர் போன் செய்தார். “அந்த முப்பது நாள் கேப்ஷன் காலண்டர் 499லேர்ந்து 199க்கு இறங்கிடுச்சுண்ணே, வாங்கிடலாமா? நீங்கதான் ரொம்ப நாளா வெச்சிருக்கீங்க” என்றார். அப்போது கடையில் கூட்டம். நிதானமாக இங்கே பதில் எழுதுகிறேன்.

எனக்குத் தண்டையார்பேட்டையில் பாத்திரக்கடை. போன ஆடிக்கு முன்னால் இதை வாங்கினேன். உள்ளே என்ன இருக்கிறது என்பது விளம்பரத்திலேயே தெரிந்துவிடும். ஒரு கூகுள் ஷீட், அதில் நாளுக்கு ஒரு போஸ்ட் என்று முப்பது வரிசை, ஆஃபர், கதை, குறிப்பு என்று மாற்றி மாற்றி வரும். கடைப்பெயரையும் பொருளையும் நிரப்பி, படத்தோடு இன்ஸ்டாவிலும் வாட்ஸாப் ஸ்டேட்டஸிலும் போட வேண்டியதுதான்.

முதலில் எரிச்சலைக் கொட்டிவிடுகிறேன். ஆஃபர் வரிசை பத்தில் ஏழெட்டு ‘இன்று மட்டும்’ என்றுதான் தொடங்குகிறது. வாட்ஸாப் ஸ்டேட்டஸுக்கு அது சரி, 24 மணி நேரத்தில் தானாக மறைந்துவிடும். இன்ஸ்டா போஸ்ட் அப்படியில்லை, போட்ட வரிசையிலும் காட்டாது. திங்கள்கிழமை நான் போட்டது ஓர் அக்காவுக்கு வியாழக்கிழமைதான் கண்ணில் படும். ‘இன்று மட்டும்’ என்றால் அவருக்கு அது வியாழக்கிழமைதானே? நேராகக் கடைக்கு வந்து போனை நீட்டுவார். “அது திங்கக்கெழமைக்கா” என்றால், “இதோ இன்னிக்குன்னுதான போட்டிருக்கீங்க” என்பார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. கொடுத்து அனுப்பினால் நஷ்டம், கொடுக்காவிட்டால் கெட்ட பெயர். போன வாரம்கூடப் பழைய போஸ்ட் ஒன்றைக் காட்டி இதே பஞ்சாயத்து. ஷீட் விற்றவர்களுக்கு எழுதினேன். ‘அவசர உணர்வை உருவாக்கும்’ என்று பதில் வந்தது. அவசரம் முழுக்க என் கல்லாவில்தான் உருவாகிறது.

அதுவும் மாதத்துக்குப் பத்து ஆஃபர். எவர்சில்வரை எடை போட்டு விற்கிற கடைக்கு அது கட்டுபடியாகாது. கிலோவுக்கு நிற்கும் லாபமே மெல்லியது, அதில் பத்து சதவீதம் தள்ளினால் கடை வாடகையை யார் கொடுப்பது? இப்போது நான் மாதத்துக்கு இரண்டு ஆஃபர்தான் போடுகிறேன், அதுவும் விலையைத் தொடாமல். பெயர் வெட்டுவது இலவசம், அல்லது பழைய பாத்திரம் போட்டுப் புதிது எடுத்தால் எடையில் கொஞ்சம் கூட. வரியும் மாறிவிட்டது: ‘ஜூலை 12, 13, சனி ஞாயிறு. சீர்ப் பாத்திரம் எடுப்பவர்களுக்குப் பெயர் வெட்டு இலவசம்.’ தேதி முதலிலேயே நிற்பதால் எப்போது பார்த்தாலும் சண்டை இல்லை. தேதி தாண்டியதும் அதே போஸ்ட்டைத் திறந்து, ‘முடிந்தது’ என்று முன்னால் சேர்த்துவிடுகிறேன். இன்ஸ்டாவில் கேப்ஷனைப் பிறகும் திருத்தலாம்.

இன்னொன்று, ஷீட்டுக்கு எங்கள் ஏரியா தெரியாது. 1, 4, 7 என்று தேதி எண்ணி ஆஃபர் வைத்திருக்கிறார்கள். எங்கள் பக்கம் வாரக்கூலி வாங்குகிறவர்கள் அதிகம், கையில் காசு புரள்வது சனிக்கிழமை சாயங்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். அந்த 61 நாளும் காசிமேட்டில் விசைப்படகுகள் கரையில் கிடக்கும்போது, ‘அள்ளிச் செல்லுங்கள்’ என்று போஸ்ட் போட்டால் யார் வருவார்கள்? கேட்கிறவர்களுக்கே கோபம் வரும். அந்த இரண்டு மாதமும் ஆஃபர் வரிசைகளை அழித்துவிட்டு குக்கர் கேஸ்கட், பிடி மாற்றுவது, பித்தளைக்கு ஈயம் பூசுவது என்று ரிப்பேர் பக்கம் போய்விட்டேன்.

கதை வரிசைகளைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ‘எங்கள் பயணம்’ என்று தொடங்கும் எதையும் யாரும் படிக்கவில்லை. எங்கள் கடையில் பெயர் வெட்டும் அண்ணனின் கை மட்டும் தெரிகிற மாதிரி ஒரு வீடியோ எடுத்து, ‘ஆடிக் கூழ் அண்டா. எந்தத் தெருவுடையது, சொல்லுங்கள்’ என்று போட்டேன். அது ஓடியது. தெருப் பசங்களே வந்து சண்டை போட்டுக்கொண்டு கமெண்ட் செய்தார்கள்.

அப்புறம் குறிப்பு வரிசை. இதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் மேலே திட்டியதெல்லாம் கொஞ்சம் அதிகமோ என்று தோன்றும். மற்ற இரண்டிலும் ரெடிமேட் வசனம் கொடுத்தவர்கள், இதில் வெறும் கேள்விதான் வைத்திருக்கிறார்கள்: ‘இந்த வாரம் உங்களிடம் இரண்டு பேர் கேட்ட ஒரே கேள்வி எது?’ முதலில் ஏமாற்று வேலை என்று நினைத்தேன். எங்கள் கடையில் அந்தக் கேள்வி வருடம் முழுக்க ஒன்றுதான்: “புதுக் கல்லுல தோசை ஒட்டுதே, என்ன பண்றது?”

அதை எழுதினேன். கல்லைச் சோப்புப் போட்டுத் தேய்த்து, மேலே பூசியிருக்கும் எண்ணெய்ப் பிசுக்கை எடுங்கள். அரிசி கழுவிய தண்ணீரில் இரண்டு மூன்று நாள் ஊறப்போடுங்கள், தண்ணீரைத் தினமும் மாற்றுங்கள். பிறகு கழுவித் துடைத்து, ஈரம் போக அடுப்பில் காயவைத்து, நல்லெண்ணெய் தடவி ஒரு ராத்திரி விடுங்கள். மறுநாள் பாதி வெங்காயத்தால் சூட்டோடு தேய்த்துவிட்டு, முதல் நாலைந்து தோசையைக் கனமாக ஊற்றுங்கள். மெல்லிசாக ஊற்றுவதெல்லாம் கல் பழகிய பிறகு. கழுநீரில் ஊறும்போது லேசாகத் துரு தெரிந்தால் பயப்பட வேண்டாம், தேய்த்தால் போய்விடும். பழகிய கல்லைச் சோப்பில் ஊறவைக்காதீர்கள், திரும்ப முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கும்.

ஷீட்டின் பழக்கப்படி மேலே ‘வணக்கம் அன்பான வாடிக்கையாளர்களே!’ என்று ஒரு வரி இருந்தது. அதை வெட்டினேன். போனில் ஒன்றிரண்டு வரிதான் தெரியும், மீதி மடிந்துகொள்ளும். அந்த இடத்தை வணக்கமே தின்றுவிட்டால் விஷயத்தை யார் திறந்து பார்ப்பார்கள்? ‘புதுக் கல்லில் தோசை ஒட்டுகிறதா?’ என்று நேராகத் தொடங்கினேன்.

அந்த ஒரு போஸ்ட் இன்னும் நடமாடுகிறது. விரும்பியவர்களைவிடச் சேமித்து வைத்தவர்கள் அதிகம். மாமியாருக்கு அனுப்பினேன் என்கிறார்கள், “அந்தக் கழுநீர்க் கல்லு குடுங்க” என்று கேட்டே வாங்குகிறார்கள். புரொஃபைலின் மேலேயே பின் செய்து வைத்திருக்கிறேன். ஆஃபர் போஸ்ட் எதுவும் ஒரு வாரத்துக்கு மேல் உயிரோடு இருந்ததில்லை. அந்த ஒரு கேள்விக்கே 499 ரூபாய் தகும் என்பேன்.

நண்பரிடம் என்ன சொன்னேன் என்றால், 199க்குக்கூட வேண்டாம் என்றேன். சொன்னபோது கல்லாவுக்கு முன்னால் இன்னொருவர் போனை நீட்டிக்கொண்டு நின்றார், அதுவும் காரணமாக இருக்கலாம். நான் என்னவோ ஷீட்டை விடப்போவதில்லை, ஆடிக்கான வரிசைகளை இப்போதே நிரப்ப ஆரம்பித்துவிட்டேன். கேட்காமல் வாங்கியே தீருவேன் என்கிறவர்கள், கம்ப்யூட்டரில் ஷீட்டைத் திறந்ததும் Ctrl+H அழுத்தி, ‘இன்று மட்டும்’ இருக்கும் இடமெல்லாம் ‘தேதி போடு’ என்று மாற்றிவிட்டு மற்ற வேலையைப் பாருங்கள்.