நோட்டீசுக்குப் பதில் போட்டாச்சு என்று ஆடிட்டர் ஆபீசில் சொன்னால், அந்தப் பதிலைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்

2022 ஜூனில் அப்பா, உசிலம்பட்டியிலிருந்து ஏழு கிலோமீட்டர் தள்ளியிருந்த எங்கள் புஞ்சையை 34 லட்சத்துக்கு விற்றார். அப்போது 30 லட்சமோ அதற்கு மேலோ போகும் பத்திரங்களைச் சார்பதிவாளர் அலுவலகம் வருமான வரித் துறைக்குத் தெரிவித்துவிடும். கணக்கில் காட்டவில்லையே, ஏன் என்று விளக்கம் கேட்டு நோட்டீஸ் வந்தது.

மதுரையில் வரிக் கணக்கு பார்க்கும் ஒருவரிடம் எல்லாக் காகிதங்களையும் கொடுத்தோம். எட்டாயிரம் வாங்கிக்கொண்டு, "விடுங்கண்ணே, பதில் போட்டாச்சு" என்றார். அடுத்து வந்தது மறுமதிப்பீட்டு நோட்டீஸ். அது எங்களுக்கு வரவில்லை. போர்ட்டலில் அப்பா கணக்கில் அவர் தன் மெயிலையும் செல் நம்பரையும் போட்டு வைத்திருந்தார்.

பாஸ்வேர்டை மீட்டு `e-Proceedings` பகுதியைத் திறந்தோம். அவர் அனுப்பியிருந்த பதில் ஒரே வரி: "விற்றது விவசாய நிலம், வரி கிடையாது." இணைப்பு பான், ஆதார் நகல் மட்டும். நாங்கள் கொடுத்த பத்திரம் அவர் பையிலேயே இருந்திருக்கிறது!

விவசாய நிலம் என்று சொன்னால் மட்டும் போதாது. மக்கள்தொகை பத்தாயிரத்துக்கு மேல் ஒரு லட்சம் வரை உள்ள ஊரின் எல்லையிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்குள் நிலம் இருந்தால் மூலதன ஆதாய வரி உண்டு. உசிலம்பட்டி நகராட்சி அந்த அளவுதான். ஆகவே தூரத்தை நிரூபிக்க வேண்டும், அதுவும் வான்வழித் தூரமாக. தாசில்தார் சான்றில் சாலைத் தூரம் மட்டும் எழுதியிருந்தால் திருத்தி வாங்குங்கள்.

வேறு ஆடிட்டர் வைத்து எழுதிய பதில் தேதி வாரியாக இருந்தது. 11.4.2022 கிரய ஒப்பந்தம், முன்பணம் 5 லட்சம் செக், இணைப்பு 1. 14.6.2022 கிரயம், மீதி 29 லட்சம் டிடி, இணைப்பு 2. 16.6.2022 அந்த டிடி வங்கியில் வரவு, இணைப்பு 3. அதன் பின் வில்லங்கச் சான்று, விற்பதற்கு முந்தைய மூன்று வருட அடங்கல், தாசில்தார் சான்று. இப்போது ஆன்லைனில் சிட்டா எடுத்தால் வாங்கியவர் பெயர்தான் வரும், அது நமக்கு உதவாது. விற்கும் முன்பே அப்பா பெயரில் எடுத்து வைத்திருந்த பழைய நகல்தான் கை கொடுத்தது. கடைசியில் இணைப்புப் பட்டியலைத் தனித்தாளாக, எது எத்தனை பக்கம் என்று எழுதி வைத்தோம். ஒரு ஃபைல் ஏறாமல் போனாலும் அதில் தெரிந்துவிடும்.

எதையும் வருமானத்தில் சேர்க்காமல் உத்தரவு வந்தது. எட்டாயிரம் திரும்பவில்லை. கேட்டால், "நான் பதில் போட்டேனே" என்கிறார்.

நீங்கள் யாரிடம் கொடுத்தாலும், பதில் போன அன்றே ஒப்புகைச் சீட்டையும் ஏற்றிய ஃபைல்களையும் கேட்டு வாங்குங்கள். போர்ட்டலில் யார் மெயில், யார் செல் நம்பர் இருக்கிறது என்பதை இன்றைக்கே பாருங்கள்.